சென்சார் தூசி: வீட்டிலேயே எதுவரை போகலாம்?

கேமராவில் எடுத்த படங்களில், வானத்தில் கறுப்புப் புள்ளி தெரிகிறதா? அபர்ச்சரை f/16-ல் வைத்து, ஃபோகஸ் கலைத்து, வெள்ளைச் சுவரை ஒரு படம் எடுங்கள். லென்ஸ் மாற்றியும் புள்ளி அதே இடத்தில் இருந்தால் சென்சார் தூசிதான். படத்தில் மேலே இடப்பக்கம் தெரிந்தால், கேமராவுக்கு எதிரே நின்று பார்க்கும்போது அது சென்சாரின் கீழே இடப்பக்கம் இருக்கும். மேல் கீழ் மட்டும்தான் மாறும்.

பேட்டரி முழு சார்ஜில் இருக்கட்டும். மெனுவில் க்ளீனிங் மோடுக்குப் போய், ஷட்டர் திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, கேமராவைக் கவிழ்த்துப் பிடித்து ரப்பர் ப்ளோயரால் ஊதுங்கள், நுனி உள்ளே போகாமல். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும், கேன் காற்றும் கூடாது. பெரும்பாலும் இதிலேயே போய்விடும்.

போகாவிட்டால் சென்சார் அளவுக்கேற்ற ஸ்வாப் (ஃபுல் ஃப்ரேமுக்கு 24 மி.மீ.), அதில் இரண்டு சொட்டு சென்சார் க்ளீனிங் திரவம், ஒரே இழுப்பு, அப்புறம் மறுபக்கத்தால் திரும்ப ஒரு இழுப்பு. அந்த ஸ்வாப்பை மறுபடி பயன்படுத்தவே கூடாது, ஒட்டிய துகள் சென்சார் மேலுள்ள கண்ணாடியைக் கீறிவிடும். இரண்டு ஸ்வாப்புக்கும் அசையாத புள்ளி, எண்ணெய்ப் பிசுக்கு, கீறல் என்றால் நேரே சர்வீஸ் சென்டர்தான்.