மொசைக் தரை: சதுர மீட்டர் கணக்கிலும் களத்திலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டிலேயே வார்த்து இழைக்கப்படும் மொசைக் தரையில் பெரும்பாலான குறைகள் பாலிஷ் முடிந்த பிறகுதான் கண்ணில் படும். அதனால் பழி பாலிஷ் போட்டவர் மீது விழுகிறது. ஆனால், தவறு பல வேளைகளில் பொருள் கணக்கிடும்போதே நேர்ந்திருக்கும்.

4 மீட்டர் நீளமும் 3 மீட்டர் அகலமும் கொண்ட ஓர் அறையை, அதாவது 12 சதுர மீட்டரை, எடுத்துக்கொள்வோம். தரையின் மொத்தக் கனம் 40 மி.மீ.; அடியில் 34 மி.மீ. அளவுக்கு 1:2:4 கான்கிரீட், மேலே 6 மி.மீ. மார்பிள் சிப்ஸ் கலவை. இந்த 6 மி.மீ. என்பது இழைத்து முடித்த பின் மிஞ்ச வேண்டிய கனம் என்பதை மறந்துவிடுவதுதான் முதல் தவறு. சாணைக்கல் ஒன்றரை, இரண்டு மி.மீ. வரை தின்றுவிடும் என்பதால், பரப்பும்போது ஏறத்தாழ 8 மி.மீ. இருக்குமாறு கணக்கிட வேண்டும்.

1 முதல் 4 மி.மீ. வரையுள்ள சிப்ஸுக்கு வழக்கமான கலவையில், எடைப்படி மூன்று பங்கு சிமெண்ட்டும் ஒரு பங்கு மார்பிள் பவுடரும் சேர்க்கப்படும். இவ்விரண்டும் சேர்ந்த தூளில் நான்கு பங்குக்கு, கன அளவில் ஏழு பங்கு சிப்ஸ் சேரும். 8 மி.மீ. கனத்தில் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 10.5 கிலோ சிப்ஸ், 4.2 கிலோ சிமெண்ட், 1.4 கிலோ பவுடர் ஆகும். 12 சதுர மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு மூட்டை சிமெண்ட். 6 மி.மீ. என்று கணக்கிட்டிருந்தால் நான்கில் ஒரு பங்கு குறையும். கண்ணாடிப் பட்டையால் பிரித்த தரைக் கட்டங்களில் கடைசி இரண்டு மூன்றுக்கு மறுநாள் அவசரமாகக் கலந்த கலவை நிறம் மாறி நிற்கும். வண்ணப்பொடி சேர்க்கும் தரையில் இது இன்னும் அப்பட்டமாகத் தெரியும். ஆகவே, ஓர் அறைக்கு வேண்டிய சிமெண்ட், பவுடர், வண்ணப்பொடி மூன்றையும் முன்கூட்டியே உலர்வாகக் கலந்து வைத்துக்கொண்டு, தண்ணீரை மட்டும் அவ்வப்போது சேர்க்க வேண்டும்.

கண்ணாடிப் பட்டையின் கணக்கில் தவறு எதிர்த் திசையில் நடக்கிறது. ஒரு மீட்டர் சதுரக் கட்டத்துக்கு நான்கு மீட்டர் என்று பெருக்கினால் 48 மீட்டர் வரும். ஆனால், ஒவ்வொரு பட்டையும் இரண்டு கட்டங்களுக்குப் பொது என்பதால், உள்ளே உண்மையில் தேவைப்படுவது 17 மீட்டர்தான். சுவரோரமும் பட்டை வைத்தால் இன்னும் 14 மீட்டர் கூடும். செலவைக் குறைக்கக் கட்டத்தைப் பெரிதாக்குவது சரியான வழியன்று. சிமெண்ட் உலர்ந்து சுருங்கும்போது விரிசல் கட்டத்தின் நடுவில் ஓடாமல் பட்டையோரமாகவே அடங்க வேண்டுமானால், ஒரு கட்டம் 2 சதுர மீட்டரைத் தாண்டக் கூடாது.

பட்டையை மேல் கலவைக்குள் மட்டும் செருகுவதும் இதே காரணத்தால் பயனற்றது. அது அடிக் கான்கிரீட்டையும் பிரிக்குமாறு 40 மி.மீ. ஆழத்துக்கும் நிற்க வேண்டும். அதன் மேல் விளிம்பு, நூல் கட்டி ரசமட்டம் பார்த்த இறுதித் தரைமட்டத்தில் இருக்க வேண்டும். அலுமினியப் பட்டையானால், ஈரச் சிமெண்ட்டின் காரம் அதை அரிக்காதபடி முன்பே பூச்சு கொடுப்பது அவசியம்.

அடிக் கான்கிரீட் முற்றிலும் இறுகிய பிறகு மேல் கலவையைப் பரப்பினால் இரண்டும் ஒட்டாது. பிற்காலத்தில் தட்டிப் பார்த்தால் வெற்றொலி கேட்கும். 18 முதல் 24 மணி நேரத்துக்குள், சிமெண்ட் பாலைத் தேய்த்த கையோடு பரப்புவதே முறை. பரப்பிய பின் மேலும் சிப்ஸ் தூவி உருளையால் அழுத்தி, மேலெழும் பாலை வழித்தெடுக்க வேண்டும். முடிந்த தரையில் பரப்பின் 80 சதவீதமாவது கல்லாகத் தெரிய வேண்டும் என்பது அளவுகோல். கல் குறைந்து சிமெண்ட் திட்டாகத் தெரியும் இடத்தில் முடியளவு வெடிப்புகள் வலைபோல் ஓடும்; அதை எந்தப் பாலிஷும் மறைக்காது.

மெஷின் இழைப்பை ஏழு நாள் கழித்துத் தொடங்குவது நல்லது. அவசரப்பட்டால் சிப்ஸ் பெயர்ந்து குழிகள் விழும். முதலில் 60ஆம் நம்பர் கல், பிறகு 120, கடைசியில் 320. இடையில் ஒவ்வொரு முறையும் தரையைக் கழுவி, அதே நிறச் சிமெண்ட் பாலால் ஊசித் துளைகளை அடைத்து, சில நாள் ஈரமாக வைத்த பிறகே அடுத்த கல்லைத் தொட வேண்டும். கூலி பேசும்போது முதலில் கைவிடப்படுவது இந்த அடைப்புதான். விடுபட்ட துளைகளில் அழுக்கு தங்கி, ஓராண்டுக்குள் தரை கரும்புள்ளி பூத்துவிடும். 60இலிருந்து நேராக 320க்குத் தாவினால், ஜன்னல் வெளிச்சம் சாய்வாக விழும்போது வட்டக் கீறல்கள் தெரியும்.

மெருகுக்கான ஆக்ஸாலிக் அமிலம் சதுர மீட்டருக்கு 33 கிராம் போதும். நம் அறைக்கு 400 கிராம். கைப்பிடி கைப்பிடியாக அள்ளித் தூவினால், அது மார்பிளையே அரித்து மங்கலாக்கிவிடும்.