இன்டர்வியூல ப்ரூட் ஃபோர்ஸ் சொன்னதும் அடுத்து இதச் சொல்லுங்க

ப்ளேஸ்மென்ட் இன்டர்வியூல ப்ரூட் ஃபோர்ஸ சொல்லி முடிச்சதும் நேரா ஹாஷ் மேப்புக்கு தாவாதீங்க, நடுவுல "இதுல எந்த வேலை திரும்பத் திரும்ப நடக்குது"ன்னு ஒரு வரி வாய்விட்டு சொல்லுங்க.

கூட்டினா 10 வர்ற ஜோடிய `[4, 9, 3, 6]`ல தேடணும்னு வைங்க. ரெண்டு லூப் போட்டா O(n²), ஒரு லட்சம் எண் இருந்தா கிட்டத்தட்ட 500 கோடி ஜோடி. இப்ப அந்த வரி: "உள் லூப் ஒவ்வொரு தடவையும் கேக்குறது ஒரே கேள்விதான், 10ல இத கழிச்சா வர்ற எண் இருக்கா, அதுக்குப் போய் மொத்த அர்ரேயையும் தேடுறேன்." இத சொன்னாலே பாத்தத எல்லாம் ஹாஷ் மேப்ல போட்டு வைக்கலாம்னு தானா வந்துடும், 6க்கு வரும்போது 4 ஏற்கனவே உள்ள இருக்கும், சராசரியா O(n). மனப்பாடம் பண்ணி ஒப்பிக்கல, யோசிச்சுதான் வந்தீங்கன்னு எதிர்ல இருக்கவருக்கும் தெரியும். கூடவே O(n) மெமரி செலவாகும்னும் நீங்களே சொல்லிடுங்க, இல்லன்னா அதான் அடுத்த கேள்வி.

அர்ரே ஏற்கனவே சார்ட் ஆகி இருந்தா ஹாஷ் மேப் வேண்டாம், ரெண்டு முனைல இருந்து டூ பாயின்டர் போதும். க்ரீடி மாதிரி கணக்குலயும் இந்தக் கேள்வி பெருசா உதவாது, அங்க திரும்ப நடக்குற வேலைய ஞாபகம் வைக்கிறது விஷயமே இல்ல.