தொடர்பு எண்களைக் கொடுக்காமல் வாட்ஸ்அப்பை ஓட்டுவது எப்படி?

புதுப் போனில் வாட்ஸ்அப் போட்டதும் அது முதலில் கேட்பது உங்கள் போன்புக்கை. "Don't allow" என்று தட்டினாலும் கணக்கு திறக்கும், வரும் செய்திகள் வரும், குழுக்கள் ஓடும். சிக்கல் தொடங்குவது நீங்களாக ஒருவருக்கு முதல் செய்தி அனுப்பப் போகும்போதுதான். புதிய சாட் பொத்தானை அமுக்கினால் மறுபடி அதே அனுமதியைக் கேட்கும்.

ஏற்கெனவே அனுமதி கொடுத்துவிட்டவர்கள் ஆண்ட்ராய்டில் Settings, Apps, WhatsApp, Permissions, Contacts என்று போய் அதை நிறுத்தலாம். ஆண்ட்ராய்டு 11 முதல், இரண்டு முறை மறுத்துவிட்டால் போன் தானாக மறுபடி கேட்காது. மனம் மாறினாலும் இதே இடத்துக்குத்தான் வர வேண்டும்.

இனி எண்ணை வைத்து சாட் தொடங்குவோம். பிளம்பரின் விசிட்டிங் கார்டில் 0 சேர்த்து 11 இலக்கம் அச்சிட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். போனில் உள்ள பிரவுசரைத் திறந்து, முகவரிப் பட்டியில் இப்படித் தட்டுங்கள்:

```
https://wa.me/91XXXXXXXXXX
```

X இருக்கும் இடத்தில் அவருடைய 10 இலக்க எண். முன்னால் இருக்கும் 0 வேண்டாம். கூட்டல் குறி, இடைவெளி, கோடு எதுவும் வேண்டாம். இலங்கை எண்ணாக இருந்தால் 077 என்பதில் முதல் 0-வை எடுத்துவிட்டு 94 சேர்க்க வேண்டும். அதாவது 9477 என்று தொடங்கும். பக்கம் திறந்ததும் சாட்டுக்குப் போகும் பொத்தான் வரும். அதைத் தட்டினால் வாட்ஸ்அப்பில் அவருடைய சாட் திறந்துவிடும்.

பெரும்பாலோர் சறுக்குவது நாட்டுக் குறியீட்டில்தான். 91-ஐ விட்டுவிட்டு 98-ல் தொடங்கும் எண்ணை அப்படியே போட்டால், வாட்ஸ்அப் அதை ஈரான் எண்ணாக எடுத்துக்கொள்ளும், ஏனென்றால் 98 ஈரானின் குறியீடு. 94-ல் தொடங்கினால் இலங்கை. எண் செல்லாது என்றோ, அவர் வாட்ஸ்அப்பில் இல்லை என்றோ திரை சொன்னால், பிளம்பரைச் சந்தேகப்படுவதற்கு முன் இதைப் பாருங்கள். சாட் திறந்த பிறகும் எண்ணையும், படமோ பெயரோ தெரிந்தால் அதையும் ஒரு முறை பார்த்துவிட்டு எழுதுங்கள். ஒரு இலக்கம் மாறினால் வீட்டு முகவரி யாரோ ஒருவருக்குப் போய்விடும்.

ஒவ்வொரு முறையும் பிரவுசருக்குப் போக அலுப்பாக இருந்தால் இன்னொரு வழி உண்டு. இதே முறையில் உங்கள் சொந்த எண்ணைப் போட்டு, உங்களுக்கே ஒரு சாட் திறந்துகொள்ளுங்கள். அதில் +91 சேர்த்து யாருடைய எண்ணையாவது அனுப்பிவிட்டு, அந்த எண்ணைத் தட்டினால் அவரோடு சாட் செய்யும் தேர்வு வரும். எனக்கு இதுதான் வசதி, தேவையான எண்களெல்லாம் ஒரே இடத்தில் கிடக்கும்.

சரி, எதெல்லாம் வேலை செய்யாது? முதலில் பெயர்கள். சாட் பட்டியல் முழுக்க வெறும் எண்களாகத் தெரியும். குழு போன்ற சில இடங்களில் மட்டும் அவரவர் தாங்களே வைத்துக்கொண்ட பெயர் ~ குறியோடு வரும், அதை நம்பிவிட முடியாது, யாரும் எந்தப் பெயரும் வைக்கலாம். இதற்கு ஒரு கைவைத்தியம்: முதல் செய்தியிலேயே "வணக்கம் பிளம்பர் அண்ணா, அண்ணாநகர் வீட்டுக் குழாய் விஷயமா" என்று எழுதிவிடுங்கள். பின்னர் தேடலில் "பிளம்பர்" என்று போட்டால் அந்தச் சாட் வந்துவிடும்.

பெயரைவிடப் பெரிய சிக்கல் கண்ணுக்குத் தெரியாதது. தனியுரிமை அமைப்புகளில் "My contacts" என்று ஒரு தேர்வு இருக்கிறதே, ஆரம்பத்திலிருந்தே அனுமதி கொடுக்காதவருக்கு அந்தப் பட்டியல் காலி. ஸ்டேட்டஸ் வழக்கமாக அந்தப் பட்டியலுக்குத்தான் போகும். ஆகவே நீங்கள் போடும் பொங்கல் கோலம் யார் கண்ணிலும் படாது, மற்றவர்கள் போடுவதும் உங்களுக்கு வராது. முகப்புப் படத்தை "My contacts" என்று வைத்திருந்தால் சொந்தத் தங்கைக்கும் வட்டம் காலியாகத்தான் தெரியும். அவளுக்குத் தெரிய வேண்டுமென்றால் "Everyone" என்று மாற்ற வேண்டும். மாற்றினால் முன்பின் தெரியாதவர்களும் பார்ப்பார்கள். எண்களைக் கொடுக்காமல் இருப்பதற்கு இங்கே ஒரு விலை இருக்கிறது.

குழுவில் யார் சேர்க்கலாம் என்பதிலும் இதே கதைதான். "My contacts" என்று இருந்தால் யாராலும் உங்களை நேரடியாகச் சேர்க்க முடியாது, அழைப்பு மட்டும் வரும். அதை 3 நாளுக்குள் ஏற்காவிட்டால் காலாவதி. நீங்களே புதுக் குழு தொடங்குவதும் கஷ்டம், ஆட்களைத் தேர்ந்தெடுக்கப் பட்டியலே இருக்காது. வேறு ஒருவரைத் தொடங்கச் சொல்லி இணைப்பு வழியாகச் சேருவது சுலபம்.

ஐபோனில் ஐஓஎஸ் 18 முதல் நடுவழி ஒன்று இருக்கிறது. முழு போன்புக்கையும் கொடுக்காமல், வேண்டிய சிலரை மட்டும் தேர்ந்தெடுத்துக் கொடுக்கலாம். வீட்டார் நாலு பேரை மட்டும் கொடுத்தால் அவர்கள் பெயர் தெரியும், ஸ்டேட்டஸும் அவர்களுக்குப் போகும். பிளம்பருக்கு மட்டும் எண்ணைத் தட்டிக்கொள்ளலாம்.