ஏழாவது ஊதியக் குழு: உங்கள் சம்பளத்தை நீங்களே சரிபார்ப்பது எப்படி?

“2.57 மடங்கு என்றார்கள், கைக்கு அவ்வளவு வரவில்லையே?” சேலம் ரயில்வே கோட்ட அலுவலகமானாலும் ஏற்காடு அஞ்சலகமானாலும் ஊதியக் குழு என்றதும் எழும் கேள்வி இது. ஒரே ஒருவரின் கணக்கைக் கடைசிவரை போட்டுப் பார்த்தால் விடை கிடைத்துவிடும்.

ஏற்காட்டில் அஞ்சல் உதவியாளராக 2011 மார்ச்சில் சேர்ந்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். மத்திய அரசு ஊழியர்களுக்குப் புதிய ஊதியம் நடைமுறைக்கு வந்த 1.1.2016 அன்று அவருடைய பழைய ஊதியம் 8,770 ரூபாய், தர ஊதியம் 2,400 ரூபாய்.

படி 1: பழைய அடிப்படை ஊதியம்

இரண்டையும் கூட்டுங்கள்: 11,170. தர ஊதியத்தை விட்டுவிடுவதும், அகவிலைப்படியைச் சேர்த்துவிடுவதும் இங்கே அடிக்கடி நேரும் பிழைகள். இந்தத் தொகை உங்கள் பணிப்பதிவேட்டில் உள்ள 2015 ஜூலை ஊதிய உயர்வுப் பதிவோடு ஒத்துப்போக வேண்டும்.

படி 2: 2.57 ஆல் பெருக்குதல்

இந்த 2.57 தான் ஃபிட்மென்ட் ஃபாக்டர். 11,170 × 2.57 = 28,706.90. அருகிலுள்ள ரூபாய்க்கு முழுமையாக்கினால் 28,707.

படி 3: ஊதிய அட்டவணையில் இடம் தேடுதல்

ஊதிய அட்டவணையில் குறுக்கே நிலைகள். ஒவ்வொரு நிலைக்கும் கீழே வரிசையாகத் தொகைகள். தர ஊதியம் 2,400 என்றால் நிலை 4. அதன் தொடக்கத் தொகைகள் இவை: 25,500, 26,300, 27,100, 27,900, 28,700, 29,600, 30,500.

28,707க்கு மிக அருகில் இருப்பது 28,700 என்பதால் கை தானாக அங்கே போகும். விதியோ வேறு. பெருக்கி வந்த தொகை அட்டவணையில் அப்படியே இருந்தால் அது. இல்லாவிட்டால் அதற்கு அடுத்த உயர்ந்த தொகை. ஆகவே இவருக்கு 29,600. வெறும் ஏழு ரூபாய், மாதம் 900 ரூபாயைத் தேடித் தருகிறது. அடுத்து வரும் ஒவ்வோர் ஊதிய உயர்வும் இங்கிருந்து ஒரு கட்டம் கீழே இறங்குவதுதான் என்பதால், தொடக்கக் கட்டம் தவறினால் அந்தத் தவறு பின்னாலேயே வரும். உங்கள் ஊதிய நிர்ணய ஆணையில் எதைப் பார்க்காவிட்டாலும் இந்த ஒரு வரியைக் கட்டாயம் பாருங்கள்.

மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் பணிபுரியும் மாநில அரசு ஊழியர்கள் இந்த அட்டவணையைப் பார்க்கக் கூடாது. 2017ஆம் ஆண்டின் தமிழ்நாடு திருத்திய ஊதிய விதிகளிலும் பெருக்கும் எண் 2.57 தான், நிலைகளும் தொகைகளும் வேறு. அங்கே இளநிலை உதவியாளர் நிலை 8. அது 19,500இல் தொடங்குகிறது. சேர்வராயன் மலைக் கிராமங்களின் கிளை அஞ்சலகங்களில் இருக்கும் கிராமிய அஞ்சல் ஊழியர்களுக்கோ இரண்டுமே பொருந்தாது. அவர்களுக்குத் தனிக் குழு, தனி ஊதியம்.

படி 4: உண்மையான உயர்வு

1.1.2016 அன்று பழைய முறையில் அகவிலைப்படி 125 சதவீதம். 11,170க்கு 13,963 ரூபாய்; ஆக மொத்தம் 25,133. புதிய ஊதியம் 29,600. அன்றைக்கு அகவிலைப்படி பூஜ்யம். உயர்வு 4,467 ரூபாய், அதாவது 18 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. 2.57இல் 2.25 பங்கு, ஏற்கெனவே வாங்கிக்கொண்டிருந்த ஊதியமும் அகவிலைப்படியும் சேர்ந்ததுதான். எஞ்சியது மட்டுமே புதுப் பணம். இவருக்கு அந்த ஏழு ரூபாய் கை கொடுத்ததால் சற்றுக் கூடுதல். 28,700இல் நின்றிருந்தால் 14 சதவீதம்தான்.

படி 5: அகவிலைப்படி மீண்டும் வளர்வது

தொழிலாளர் பணியகம் 88 மையங்களில் விலை திரட்டி, தொழில்துறைத் தொழிலாளர்களுக்கான நுகர்வோர் விலைக் குறியீட்டு எண்ணை மாதந்தோறும் வெளியிடுகிறது. அந்த மையங்களில் சேலமும் ஒன்று; நம் ஊர்க் கடைகளின் அரிசி, பருப்பு விலைக்கும் இந்தக் கணக்கில் பங்கு உண்டு. 12 மாதச் சராசரியை 2.88 ஆல் பெருக்கிக் குறியீட்டின் பழைய அடிப்படை ஆண்டான 2001க்கு மாற்ற வேண்டும். பிறகு, 2015ஆம் ஆண்டின் சராசரியான 261.42ஐவிட அது எத்தனை சதவீதம் கூடியிருக்கிறது என்று பார்க்க வேண்டும்:

```
(சராசரி × 2.88 − 261.42) ÷ 261.42 × 100
```

2024 ஜூலை முதல் 2025 ஜூன் வரையிலான சராசரி 143.57. 2.88 ஆல் பெருக்கினால் 413.48, விடை 58.17. பின்னம் விடுபடும். 2025 ஜூலை முதல் மத்திய அரசு அறிவித்த 58 சதவீதம் இப்படி வந்ததுதான்.

2025 நவம்பரில் எட்டாவது ஊதியக் குழு அமைக்கப்பட்ட பிறகு, தேநீர் இடைவேளைதோறும் ஒரு புதிய ஃபிட்மென்ட் எண் காதில் விழுகிறது. எந்த எண்ணைக் கேட்டாலும், 1ஐ அகவிலைப்படியோடு சேர்த்து அதனால் வகுங்கள். அகவிலைப்படி 58 சதவீதமாக இருக்கும்போது 2 மடங்கு என்றால், 2 ÷ 1.58 = 1.27. கையில் கூடுவது 27 சதவீதம். அகவிலைப்படி அதற்குள் இன்னும் ஏறியிருந்தால், அதே 2 மடங்கில் கிடைக்கும் உயர்வு அந்த அளவுக்குக் குறையும்.