ஜயபூமிக் காணி: அப்பா இருக்கும்போதே கவனிக்க வேண்டியவை

கொழும்பில் வளர்ந்த பிள்ளைகள் பலருக்கு, அவிசாவளைப் பக்கமோ பாதுக்கையிலோ அப்பாவுக்கு அரசாங்கம் கொடுத்த ஜயபூமிக் காணியும் சாதாரண உறுதிக் காணி மாதிரித்தான் தெரியும். அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பெர்மிட்டாகவோ அளிப்பாகவோ வந்த காணிக்கு வழமையான வாரிசுரிமைச் சட்டம் எதுவும் பொருந்தாது, தேசவழமையும் சேர்த்துத்தான். எல்லாப் பிள்ளைகளுக்கும் சமபங்கு என்று நினைத்து வீட்டுக்குள் பேசி முடிப்பது வீண்.

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். அவிசாவளையில் 20 பேர்ச்சஸ், அளிப்புப் பத்திரம் அப்பா பெயரில். வெள்ளவத்தையில் இருக்கும் மகளைப் பின்னுரித்தாளராக, அதாவது தனக்குப் பிறகு காணிக்கு உரியவராக நியமித்து, சமாதான நீதவான் முன் கையெழுத்தும் வைத்துவிட்டார். ஆனால் அந்தப் பத்திரம் காணிப் பதிவகத்துக்குப் போகவில்லை, அலுமாரிக்குள்ளேயே கிடந்தது. அப்பா கண்மூடிய அன்றே அது செல்லாததாகிவிட்டது, ஏனென்றால் அவர் உயிரோடிருக்கும்போதே பதிவாகியிருக்க வேண்டும். பிறகு கொண்டுபோய்ப் பதிந்தாலும் பயன் இல்லை. நான் பார்த்ததில் ஆக அதிகமாக நடக்கும் தவறு இதுதான், மனசு கேட்காமல் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

அப்புறம் அம்மா. பின்னுரித்தாளராக நியமிக்கப்படாவிட்டாலும் அவர் ஆயுள்வரை காணியை அனுபவிக்கலாம், மறுமணம் செய்தால் மட்டும் அந்த உரிமை போய்விடும். ஆனால் அப்படி உரிமை வந்த அம்மா அதை விற்கவோ தானமாக எழுதவோ முடியாது, அடுத்தவரை நியமிக்கவும் முடியாது. இந்த வீட்டில் அம்மா கடைசி மகனுக்கு நன்கொடை உறுதி முடித்துக் கொடுத்தார், நொத்தாரிசுக்குக் காசும் போனது, உறுதி செல்லவில்லை. அம்மாவும் போன பிறகு செல்லுபடியான நியமனம் இல்லாததால் சட்டத்தின் அட்டவணையில் உள்ள உறவினர் வரிசைதான் காணி யாருக்கு என்று தீர்மானிக்கும். முன்பு அதில் ஆண்பிள்ளைகளுக்கே முன்னிடம், அந்த ஆண் பெண் வேறுபாட்டை 2022இன் திருத்தம் நீக்கியது.

சரி, நியமனம் ஒழுங்காகப் பதிவாகியிருந்தாலும் இன்னொரு பொறி இருக்கிறது. பின்னுரித்தாளர் ஆறு மாதத்துக்குள் காணியை உடைமையில் எடுக்க வேண்டும். அம்மா இருந்தால் அம்மாவின் மரணத்திலிருந்தும், இல்லாவிட்டால் அப்பாவின் மரணத்திலிருந்தும் கணக்கு. "எட்டுச் செலவு முடியட்டும், அண்ணன் கனடாவிலிருந்து வரட்டும்" என்று காலம் கடத்தினால் உரிமை நழுவிவிடும். வீட்டை யாருக்கோ வாடகைக்கு விட்டுவிட்டு வெள்ளவத்தையிலேயே இருப்பதும் பிறகு தகராறுக்குத்தான் வழி. மரணச் சான்றிதழோடு பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவுக்கு உடனே எழுத்தில் அறிவித்து, பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். மின்சார பில், கிராம உத்தியோகத்தரின் கடிதம் இரண்டையும் பத்திரப்படுத்துங்கள்.

பெயர் மாறிய பிறகும் விற்க பிரதேச செயலாளரின் எழுத்துமூல அனுமதி முன்கூட்டியே வேண்டும். அதில்லாமல் அட்வான்ஸ் வாங்கினால் பிறகு முடிக்கும் உறுதி வெறும் காகிதம், வாங்கியவர் காசைத் திருப்பிக் கேட்டு வாசலுக்கு வருவார்.

அப்பா இன்னும் இருக்கிறார் என்றால் இந்த வாரமே காணிப் பதிவகத்தில் அந்தக் காணியின் பதிவேட்டுப் பிரதியை எடுத்து, பின்னுரித்தாளர் பெயர் அதில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.