ஒரு வேலைக்குச் சந்தைச் சம்பளம் எவ்வளவு? நுவரெலியா ஹோட்டல் கணக்குப் பிரிவை வைத்து ஒரு செய்முறை விளக்கம்

என் சித்தப்பாவின் மகள் கொட்டகலையில் இருக்கிறாள். நுவரெலியாவில் முப்பது அறைகள் கொண்ட ஒரு ஹோட்டலில் ‘எக்கவுண்ட்ஸ் எக்ஸிகியூட்டிவ்’ வேலைக்கு விண்ணப்பித்தபோது, எதிர்பார்க்கும் சம்பளம் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் என்னை அழைத்தாள். “அண்ணா, எழுபது என்று போடவா? கூடிவிட்டது என்று கூப்பிடாமல் விட்டுவிடுவார்களோ?” என்று கேட்டாள். ஹோட்டல் கணக்குப் பிரிவில் பல ஆண்டுகள் சம்பளப் பட்டியல் தயாரித்தவன் என்ற வகையில், அப்போது நாங்கள் இருவரும் செய்த வேலையை ஒழுங்கில் எழுதுகிறேன். இதிலுள்ள ரூபாய்த் தொகைகள் கணக்கு எளிதில் விளங்குவதற்காக நான் சீராக்கியவை என்பதால், அவற்றை இன்றைய சந்தை விலையாகக் கொள்ள வேண்டாம்.

படி 1: பதவிப் பெயரை விட்டுவிட்டு வேலையை எழுதுங்கள்

கொழும்பிலுள்ள பெரிய ஹோட்டல் குழுமத்தில் இதே பெயருள்ள ஒருவர் விநியோகத்தர்களின் பற்றுச்சீட்டுகளை மட்டும் பார்ப்பார். நுவரெலியாவின் சிறிய ஹோட்டலிலோ அதே பெயருள்ளவர் முந்தைய இரவின் அறை வருமானத்தைச் சரிபார்ப்பார், சமையலறைக் களஞ்சியத்தை எண்ணுவார், சம்பளப் பட்டியல் போடுவார், ஊழியர் சேமலாப நிதிக்கான ‘சி’ படிவத்தையும் மாதந்தோறும் அனுப்புவார். ஆகவே முதலில் ஐந்தாறு கடமைகளையும், தேவைப்படும் தகைமையையும், அனுபவ ஆண்டுகளையும், யாருக்குக் கீழ் வேலை என்பதையும் அரைப்பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். பின்னர் கையில் கிடைக்கும் எந்தச் சம்பளத் தகவலையும் இந்த அரைப்பக்கத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, கடமைகளில் ஏறத்தாழ முக்கால் பங்கு பொருந்தினால் மட்டும் அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

படி 2: எல்லாத் தொகைகளையும் ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவாருங்கள்

புதியவர்கள் பெரும்பாலும் வழுக்கி விழுவது இந்த இடத்தில்தான். ஒருவர் அடிப்படைச் சம்பளத்தைச் சொல்வார், இன்னொருவர் கையில் கிடைப்பதைச் சொல்வார், மூன்றாமவர் சேவைக் கட்டணத்தையும் சேர்த்துச் சொல்வார். மூன்றையும் அருகருகே எழுதி ஒப்பிட்டால் விடை எப்படியும் பிழைத்துவிடும். நான்கு நிரல்கள் போட்டுக்கொள்ளுங்கள்: அடிப்படைச் சம்பளம், நிலையான கொடுப்பனவுகள், சேவைக் கட்டணம், தங்குமிடமும் சாப்பாடும். முதல் இரண்டையும் கூட்டினால் வருவதே ‘நிலையான காசு’. ஒப்பீட்டை இதில்தான் தொடங்க வேண்டும்.

சேவைக் கட்டணத்தைத் தனியே வைப்பதற்குக் காரணம் உண்டு. விருந்தினரின் பற்றுச்சீட்டில் பத்து சதவீதமாகச் சேர்க்கப்பட்டு ஊழியர்களிடையே பகிரப்படும் இந்தப் பணம், அறைகள் நிரம்பும் அளவுக்கேற்ப ஏறி இறங்கும். நுவரெலியாவில் ஏப்ரல் சீசன் மாதத்துத் தொகையும் நவம்பர் மழை மாதத்துத் தொகையும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை போலத் தோன்றும். ஆகவே பன்னிரண்டு மாதத் தொகையைக் கூட்டிப் பன்னிரண்டால் வகுத்த சராசரியைத் தவிர வேறெதையும் ஏற்றுக்கொள்ளாதீர்கள். 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பின்னரும் 2020 பெருந்தொற்றிலும் விருந்தினரே வராத மாதங்களில் இந்த வருமானம் என்னவாயிற்று என்பதை ஹோட்டல் ஊழியர் யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

படி 3: சம்பள ஆய்வறிக்கையை அதன் சாய்வோடு வாசியுங்கள்

ஆலோசனை நிறுவனங்கள் நடத்தும் சம்பள ஆய்வுகளின் முழு அறிக்கை வழக்கமாகப் பங்கேற்ற நிறுவனங்களுக்கும் பணம் கொடுத்து வாங்குவோருக்குமே கிடைக்கும். ஆட்சேர்ப்பு நிறுவனங்கள் இலவசமாக வெளியிடும் சுருக்கங்கள் தனிநபருக்கும் எட்டும். எது கையில் கிடைத்தாலும் அட்டவணைக்குப் போகுமுன், எந்த மாதச் சம்பளம், எத்தனை நிறுவனங்கள், சொல்லப்படுவது அடிப்படையா மொத்தமா என்ற மூன்றையும் பாருங்கள். பங்கேற்பவை பெரும்பாலும் கொழும்பின் பெரிய நிறுவனங்கள் என்பதால், சிறிய மலையக ஹோட்டலுக்கு அதன் நடுப்புள்ளி சற்று உயரமாகவே இருக்கும்.

அறிக்கையில் சராசரியைவிட இடையமும் காலணைகளுமே பயன்படும். சம்பளங்களைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கினால் நடுவில் வருவது இடையம். கீழிருந்து கால்வாசித் தூரத்தில் இருப்பது முதலாம் காலணை. எங்களுக்குக் கிடைத்த அட்டவணையில் நிலையான காசின் முதலாம் காலணை 78,000 ரூபாய், இடையம் 90,000 ரூபாய். தரவு ஒன்பது மாதம் பழையது என்பதால் ஆண்டுச் சம்பள உயர்வை 8 சதவீதமாக எடுத்து, இரண்டையும் இன்றைய நாளுக்கு நகர்த்தினோம். B2 கட்டத்தில் 78,000 இருந்தால் எக்செலில் இப்படி வரும்:

```
=B2*(1+0.08*9/12)
```

முதலாம் காலணை 82,680 ஆகவும் இடையம் 95,400 ஆகவும் மாறின. இந்த நகர்த்தல் ஓராண்டுப் பழைய தரவுக்குப் பொருந்தும்; அதற்கு மேல் நம்பிக்கை குறையும். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதத்தைத் தொட்டது. அதற்கு முந்தைய அறிக்கை ஒன்றை எந்தச் சூத்திரத்தாலும் இன்றைக்குக் கொண்டுவர முடியாது.

படி 4: வேலை விளம்பரங்களைச் சில வாரங்கள் சேர்த்து வாருங்கள்

ஒரே நாளில் தேடி முடித்துவிடாமல், ஆறு வாரம் வரை topjobs.lk போன்ற தளங்களையும் ஞாயிறு பத்திரிகைகளையும் பார்த்து, கண்ட திகதியுடன் குறித்து வைத்தோம். பெரும்பாலான விளம்பரங்கள் ‘கவர்ச்சிகரமான சம்பளம்’ என்று சொல்லி நழுவிவிடும். தொகை உள்ளவற்றிலும் ‘வரை’ என்று முடியும் எண் அந்த நிறுவனத்தின் உச்சம் என்பதால், அதை வழக்கமான சம்பளமாகக் கொள்ளலாகாது. ஒரே வேலையை முகவர் நிலையமும் ஹோட்டலும் தனித்தனியாக விளம்பரப்படுத்தியிருந்தால் ஒருமுறைதான் எண்ண வேண்டும். மாதக்கணக்காகத் திரும்பத் திரும்ப வரும் விளம்பரமும் ஒரு தகவலே: அந்தத் தொகைக்கு ஆள் கிடைக்கவில்லை, அல்லது வந்தவர் நிலைக்கவில்லை.

கடைசியில் தொகையோடு மிஞ்சியவை ஏழு: 60,000, 65,000, 70,000, 70,000, 75,000, 85,000, 110,000. ஏழின் சராசரி ஏறத்தாழ 76,400. 110,000 விளம்பரத்தை முழுதாக வாசித்தபோது, அது மூன்று ஹோட்டல்களின் கணக்கைப் பொறுப்பேற்கும் வேலை என்று தெரிந்தது. எங்கள் அரைப்பக்கத்தோடு பொருந்தாததால் நீக்கினோம். தொகை கூடியது என்பதற்காக மட்டும் நீக்கியிருந்தால், அது நமக்கு வேண்டிய விடையை நாமே செய்துகொள்வதாகியிருக்கும். நீக்கிய பின் சராசரி 70,800 அளவுக்கு இறங்கியது. இடையமோ முன்னும் பின்னும் 70,000 தான்.

```
=MEDIAN(C2:C7)
```

படி 5: அதே தொழிலில் இருப்பவர்களிடம் பேசுங்கள்

மலைநாட்டில் ஒருவரின் சம்பளத்தை நேரடியாகக் கேட்டால், மாலைக்குள் அது உறவினர் வட்டம் முழுவதும் போய்ச் சேர்ந்துவிடும் என்ற பயம் எல்லோருக்கும் உண்டு; அந்தப் பயம் நியாயமானதும்கூட. சிலரது நியமனக் கடிதத்தில் சம்பளத்தை வெளியிடக் கூடாது என்ற நிபந்தனையும் இருக்கலாம். ஆகவே அவருடைய சம்பளத்தைக் கேட்காமல், வேலையின் சம்பளத்தைக் கேளுங்கள். தங்கை ஒரு மூத்த கணக்காளரிடம் இப்படிக் கேட்டாள்: “சேர், உங்களிடத்தில் இந்த வேலைக்கு இன்றைக்குப் புதிதாக ஒருவரை எடுத்தால், சேவைக் கட்டணம் இல்லாமல் எவ்வளவிலிருந்து எவ்வளவு வரை கொடுப்பார்கள்?” அவர் தயங்காமல் ஒரு வீச்சைச் சொன்னார்.

‘இன்றைக்குப் புதிதாக’ என்பது அவசியம். பத்தாண்டு அதே இடத்தில் இருப்பவரின் சம்பளம் சந்தையைவிடப் பின்தங்கியிருப்பது சாதாரணம். இன்னொருவர் “சேர்விஸ் சார்ஜ் மட்டுமே நாற்பத்தாறு” என்று பெருமையாகச் சொன்னார். எந்த மாதம் என்று கேட்டபோது ஏப்ரல் என்றார், நவம்பரில் ஒன்பது. அவரது ஆண்டுச் சராசரி 21,000 தான். ஒரே ஹோட்டலிலிருந்து மூன்று பேர் சொன்னாலும் அது ஒரே தகவல். எங்களுக்கு நான்கு பேர் மூலம் மூன்று ஹோட்டல்களின் நிலையான காசு கிடைத்தது: 68,000, 72,000, 80,000.

படி 6: மூன்றையும் சேர்த்துத் தீர்மானியுங்கள்

மூன்று மூலங்களையும் கூட்டி மூன்றால் வகுக்காதீர்கள். நம் வேலைக்கும் நம் ஊருக்கும் மிக நெருக்கமான மூலத்துக்கே நிறை கூட வேண்டும். இங்கே சக ஊழியர்களின் 68,000 – 80,000 என்ற வீச்சை அடித்தளமாக எடுத்தோம். விளம்பரங்களின் இடையம் அதற்குள் விழுந்தது. ஆய்வறிக்கையின் முதலாம் காலணை அதன் மேல் விளிம்பைச் சற்றே தாண்டி நின்றது. கொழும்புச் சாய்வை நினைத்தால் அது எதிர்பார்த்ததே. மூன்றும் வெவ்வேறு திசையில் போயிருந்தால் பெரும்பாலும் படி 1 அல்லது படி 2 இல் பிழை இருக்கும். அங்கே திரும்பிப் போக வேண்டும். விண்ணப்பத்தில் சேவைக் கட்டணம் நீங்கலாக 75,000 என்று எழுதினாள்.

ஹோட்டல் 62,000 தருவதாகச் சொன்னது: அடிப்படை 45,000, போக்குவரத்து மற்றும் தொலைபேசிக் கொடுப்பனவு 17,000. அதோடு தங்குமிடம், சாப்பாடு, சராசரியாக 21,000 சேவைக் கட்டணம். அதே வாரம் ஹட்டனில் ஓர் அலுவலகம் 78,000 ரூபாயை முழுவதும் அடிப்படையாகத் தர முன்வந்தது. தொழில்தருநர் சேமலாப நிதிக்கு 12 சதவீதமும் நம்பிக்கை நிதிக்கு 3 சதவீதமும் செலுத்துவதால், ஹோட்டலில் 45,000 க்கு 6,750, ஹட்டனில் 78,000 க்கு 11,700. கூட்டினால் ஹோட்டல் 89,750, ஹட்டன் 89,700. கிட்டத்தட்ட ஒன்றுதான்.

ஆனால் ஹோட்டலின் தொகையில் 21,000 மழையையும் விருந்தினரையும் நம்பியது. தங்குமிடத்தையும் அவளுக்கு இலாபமாக எண்ண முடியாது. கொட்டகலையிலிருந்து ஹட்டனுக்குப் போனால் வீட்டிலேயே இருப்பாள், அறை வாடகை என்ற செலவே வராது. ஹோட்டல் சாப்பாட்டால் வீட்டில் மிஞ்சுவதை மட்டும் சிறு தொகையாகக் குறித்துக்கொண்டோம்.

ஆயினும் அவளுக்கு ஹோட்டல் வேலைதான் பிடித்திருந்தது. ஆகவே மொத்தத்தைக் கூட்டச் சொல்வதற்குப் பதிலாக, 62,000 க்குள்ளேயே அடிப்படையை 55,000 ஆக்கும்படி கேட்கச் சொன்னேன். ஹோட்டலுக்கு மாதம் 1,500 தான் கூடுதல் செலவு. அவளுக்கோ அது ஒவ்வொரு மாதமும் நிதியில் சேரும் பணம். அவளது பங்கான 8 சதவீதமும் கூடும் என்பதால் கையில் வருவது 800 ரூபாய் குறையும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிட்டேன். ஹோட்டல் அடிப்படையை 52,000 ஆக்க ஒத்துக்கொண்டது. பன்னிரண்டு மாதச் சேவைக் கட்டண விபரத்தையும் நேர்முகத்தில் கேட்டு வாங்கிப் பார்த்த பிறகே அவள் கையெழுத்திட்டாள்.