பிளேன்டீ கிளாஸின் கறுப்பு ஓரம்: ரெண்டரில் எங்கே பிசகுகிறது

ஹட்டனில் ஒருவருடைய தேயிலைப் பொதிக்கு, கண்ணாடிக் கிளாஸில் பிளேன்டீ இருப்பதுபோல் ஒரு படம் பிளெண்டர் மென்பொருளின் சைக்கிள்ஸ் ரெண்டரரில் செய்து கொடுத்தேன். அவர் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "தம்பி, தேத்தண்ணி கிளாஸோட ஒட்டாம நடுவில நிக்குதே, ஓரமெல்லாம் கறுப்பா இருக்கு" என்றார். மேசையில் இருந்த உண்மையான கிளாஸைக் கண் மட்டத்தில் வைத்துப் பார்த்தேன். தேத்தண்ணியின் நிறம் கிளாஸின் வெளி ஓரம் வரை போயிருந்தது. சுவரின் தடிப்பே தெரியவில்லை.

என் தவறு இடைவெளி. கிளாஸின் வெளி ஆரை 35 மில்லிமீற்றர், உள் ஆரை 32. இரண்டும் முட்டக்கூடாதென்று தேத்தண்ணியை 31.9இல் நிறுத்தியிருந்தேன். எனக்கு அது வெறும் 0.1 மில்லிமீற்றர். கதிர்களைப் பின்தொடர்ந்து படம் போடும் சைக்கிள்ஸ் போன்ற பாத் டிரேசருக்கோ அது கண்ணாடிக்கும் தேத்தண்ணிக்கும் நடுவே ஒரு காற்றுப் படலம்.

உருளையான கிளாஸைப் பக்கத்திலிருந்து பார்க்கும்போது ஒரு கணக்கு உதவும். கிளாஸின் நடு அச்சிலிருந்து x தூரத்தில் வரும் கதிர், r ஆரையில் உள்ள IOR எனப்படும் முறிவுச் சுட்டி n கொண்ட பொருளுக்குள் நுழைய வேண்டுமானால், x ஆனது n × r ஐ விடக் குறைவாக இருக்க வேண்டும். தேத்தண்ணியைத் தண்ணீர் போலவே 1.333 என்று வைக்கலாம். சுவரோடு ஒட்டியிருந்தால் 1.333 × 32 = 42.7. கிளாஸே 35 வரைதான் என்பதால் எல்லாக் கதிரும் தேத்தண்ணிக்குள் போகும். நடுவில் காற்று வந்தால் n = 1, எல்லை 32. அதற்கும் 35க்கும் இடையில் வரும் கதிர்கள் உட்சுவரில் முழு உட்தெறிப்பு அடைந்து, அறையின் ஏதோ ஒரு இருட்டு மூலையைக் கொண்டுவந்து காட்டும். அந்த மூன்று மில்லிமீற்றர் பட்டைதான் கறுப்பு ஓரம். இடைவெளியை 0.01 ஆக்கினாலும் பட்டை அப்படியே இருக்கும்.

சரி, இரண்டையும் ஒரே இடத்தில் வைத்தால்? அது இன்னும் மோசம். எந்தப் பரப்பு முதலில் படுகிறது என்பது மிதவைப் புள்ளிப் பிழையைப் பொறுத்துக் கதிருக்குக் கதிர் மாறும். சில சமயம் ஒரு பரப்பே தவறிப்போகும். படத்தில் புள்ளிபுள்ளியாய் அழுக்கு விழும்.

தேத்தண்ணியைச் சுவருக்குள் 0.3 மில்லிமீற்றர் நுழைத்துவிடுவதுதான் எளிய வழி. இதைத் தப்பு என்பார்கள், ஆனால் கதிரின் திசை கெடுவதில்லை. கதிரின் கோணத்தின் சைன் முதலில் தேத்தண்ணியின் 1.333ஆல் வகுபடுகிறது, பிறகு கண்ணாடியின் 1.5ஆல் பெருக்கப்படுகிறது, முடிவு நேரடியாகப் போனதற்குச் சமம். கெடுவது தெறிப்பு. கண்ணாடிக்கும் தண்ணீருக்கும் நடுவே நேர்க்குத்தாக 0.35 சதவீதம்தான் தெறிக்க வேண்டும். இங்கே 2 சதவீதமும் 4 சதவீதமுமாக இரண்டு தெறிப்பு வருகிறது. தூரப் படத்துக்கு இது போதும். கிட்டப் படத்தில் மேல்மட்டத்தைச் சுற்றி ஒரு மெல்லிய வளையம் தெரியும். ஆர்னால்ட் போன்ற வேறு ரெண்டரர்களில் `dielectric_priority` இருப்பதால் கண்ணாடிக்கு முன்னுரிமை கொடுத்தால் உள்ளே புதைந்த பரப்பு கணக்கில் வராது. 2002இல் ஷ்மிட்டும் பட்ஜும் எழுதிய முறை இதற்கு அடிப்படை. நான் வைத்திருக்கும் சைக்கிள்ஸில் அது கிடையாது.

அதனால் கிட்டப் படத்துக்குப் பரப்பைப் பிரித்தேன். தேத்தண்ணி மட்டத்துக்குக் கீழே கிளாஸின் உட்சுவரை அழித்துவிட்டு, தேத்தண்ணியின் பரப்பையே இரண்டுக்கும் பொதுவாக்கினேன். பரப்பு ஒன்றே ஒன்று என்பதால் இப்போது சரியாக 32இல் வைக்கலாம்.

```
கிளாஸ் (காற்றோடு)          IOR 1.5
தேத்தண்ணி மேல்மட்டம்        IOR 1.333
தேத்தண்ணி பக்கமும் அடியும்   IOR 1.333 / 1.5 = 0.889
```

பலரும் சறுக்குவது கடைசி வரியில். அங்கே 1.333 என்று போட்டால் தேத்தண்ணிக்கு 2.0 சுட்டி கொடுத்தது போலாகிவிடும். பின்னணி அளவுக்கு மீறி வளையும். 0.889 சரியாக வர, தேத்தண்ணியின் நோர்மல்கள் வெளிநோக்கி இருக்க வேண்டும். உள்நோக்கி இருந்தால் 1.125. நிறத்துக்கான `Volume Absorption` பக்கத்துக்கும் மேல்மட்டத்துக்கும் ஒரே மாதிரி இருக்கட்டும், இல்லாவிட்டால் நிறம் ஒரு பக்கமாகக் கசியும்.

கறுப்பு எல்லாம் இடைவெளியால் வருவதுமில்லை. நேரத்தை மிச்சம் பிடிக்க `Transmission` பவுன்ஸை 4 ஆக்கியிருந்தால், நுழைத்து வைத்த கிளாஸில் கதிர் கடக்க வேண்டிய ஆறு பரப்புக்கு அது போதாது; நடுவே கறுத்துவிடும். இரண்டையும் பிரித்தறிய நிற உறிஞ்சலை எடுத்துவிட்டு, விளக்குகளை அணைத்து, மேசையை மறைத்து, `World` ஐ வெறும் வெள்ளையாக்கி, `View Transform` ஐ `Standard` இல் வைத்து ரெண்டர் செய்வேன். எங்கே முறிந்தாலும் தெறித்தாலும் கதிர் வெள்ளையில்தான் போய் முடியும் என்பதால், இடைவெளிக் கறுப்பு இதில் மறைந்துவிடும். அப்போதும் கறுப்பு நின்றால் பவுன்ஸ் போதவில்லை. `Transmission` ஐயும் `Total` ஐயும் 32 ஆக்கிப் பாருங்கள்.